கதை குறையட்டும்

காலை ஏழு பத்து. ஸ்டூடியோவின் ஷட்டர் இடுப்பளவுக்கு மட்டும் தூக்கப்பட்டிருந்தது. அதன் கீழே முதலில் தெரிந்தவை இரண்டு பாதங்கள். விரல்கள் தரையில் ஊன்றியிருந்தன. குனிந்து பார்த்தேன். ஓர் இளம் பெண் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்திருந்தாள். கையில் போன். போனுக்கு எதிரே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் கதிரை. பக்கத்தில் சுருள் கம்பி போட்ட போட்டோக்கொப்பிப் புத்தகம் விரிந்து கிடந்தது. பக்கம் புரளாதபடி அதன்மேல் ஒரு ஸ்டேப்ளர்.

அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன்.

"இன்னும் திறக்கேல்லை அக்கா. ஒரு நிமிசம். கதிரை பெரிசாத் தெரியுதோ எண்டு பாக்கிறன்."

"தெரியுதோ?"

"அரசன் இருக்கிற கதிரை மாதிரித் தெரியுது. ஆனா பின்னால கக்கூஸ் கதவும் தெரியுது."

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டாள். இருபத்தாறு வயது. கிளிநொச்சியில் அந்த ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. என் படத்தை எடுக்கும்போதே, கீழிருந்து எடுத்தால் எந்தப் பொருளும் அதிகாரம் பெற்றுவிடும் என்று புத்தகம் சொல்வதாகச் சொன்னாள். அடையாள அட்டைக்கு அப்படி எடுக்க முடியாதா என்று கேட்டேன். திணைக்களம் ஏற்காது என்றாள், சிரிக்காமல்.

நான் பத்திரிகைகளில் உதவி ஆசிரியராக இருந்தவள், முதலில் யாழ்ப்பாணத்தில், பிறகு கொழும்பில். இப்போது கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே மெய்ப்புப் பார்க்கிறேன். ஞாயிறு மலரில் சில காலம் சினிமாப் பக்கத்தைக் கவனித்ததால் என் அலுமாரியில் இந்தத் துறைப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று படத்தொகுப்புப் பற்றியது. மற்றது கமராவும் ஒளியும் பற்றியது. இதைச் சொன்ன அன்று பின்னேரமே அவள் சைக்கிளில் என் வீட்டு வாசற் படலைக்கு வந்து நின்றாள்.

அவளிடம் முன்பே இருந்தது சென்னையில் அச்சான ஒரு திரைக்கதைக் கையேடு. யாரோ வவுனியாவில் வாங்கி, யாரோ இரவல் வாங்கி, கடைசியில் இவள் ஸ்டூடியோவின் மெஷினிலேயே பிரதி எடுத்தது. பிரதியின் பிரதி. எழுத்துகள் பிழையில்லை. படங்கள்தான் போய்விட்டன. ஒளியமைப்பு அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் பெட்டிகள். பெட்டிக்குக் கீழே, முகத்தின் இடப்பக்கம் விழும் மெல்லிய ஒளியைக் கவனியுங்கள் என்று எழுதியிருந்தது.

"நானும் ஒவ்வொரு நாளும் கவனிக்கிறன் அக்கா," என்றாள். "ஒண்டும் வரேல்லை."

என் புத்தகத்தில் அந்தப் படங்கள் இல்லை, ஆனால் வேறு படங்கள் இருந்தன, தெளிவாக. அவள் அவற்றைப் போனில் படம்பிடிக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு படத்திலும் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, வெளிச்சம் எங்கிருந்து வந்திருக்கும் என்று விரலால் காற்றில் கோடு போட்டாள். பிறகு என் வீட்டு யன்னலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை.

"அக்கா, அந்தக் கதிரையில கொஞ்சம் இருங்கோ. இல்லை, யன்னலைப் பாக்காதேங்கோ. யன்னல் உங்களைப் பாக்கட்டும்."

வடக்கில் சினிமா படிக்கப் பள்ளிக்கூடம் இல்லை. கொழும்புக்குப் போய்த் தங்கிப் படிக்க அவளுக்கு வசதி இல்லை. சென்னையைப் பற்றி யோசிப்பதே இல்லை என்றாள். அந்த ஆண்டு ஒரு நிறுவனம் கொழும்பில் ஒரு மாதப் பயிற்சி நடத்துவதாகவும், தங்குமிடமும் சாப்பாடும் தந்து வடக்கிலிருந்து ஒருவரை எடுப்பதாகவும் அறிவித்திருந்தது. பத்து நிமிடத்துக்குள் ஒரு குறும்படம் அனுப்ப வேண்டும். தெரிவானவற்றைக் கிளிநொச்சியில் ஒரு மண்டபத்தில் காட்டுவார்கள். ஆளை அங்கேயே அறிவிப்பார்கள். அவள் அந்த அறிவித்தலை என்னிடம் காட்டவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள்.

திரைக்கதையை நான் வாசித்தேன். தாளை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் காண்பது, வலப்பக்கம் கேட்பது என்று எழுதியிருந்தாள். கையேடு சொன்ன முறை. ஒவ்வொரு காட்சிக்கும் தலைப்பில் உள்ளா வெளியா, எந்த இடம், பகலா மாலையா. எல்லாம் நிகழ்காலத்தில். "அவள் கவலைப்படுகிறாள்" என்று எங்கும் இல்லை. கவலை கமராவுக்குத் தெரியாது, கை என்ன செய்கிறது என்று எழுதவேண்டும் என்பதைப் புத்தகத்திலிருந்து சரியாகவே பிடித்திருந்தாள்.

விஷயம் இதுதான். ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணின் தாயைக் குசினியிலேயே இருக்கச் சொல்கிறார்கள் அவளுடைய பிள்ளைகள். தாய் வாயைத் திறந்தால் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். அவள் தேயிலைத் தோட்டங்களின் மலையகத் தமிழ் பேசுகிறவள், இங்குள்ளவர்கள் காதுக்கு அது இந்தியத் தமிழ். வந்தவர்கள் அவளை வேலைக்கு வந்த மனுசி என்று நினைக்கிறார்கள். கடைசியில் தாய் தானே தேநீர்த் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, "நான்தாங்க புள்ளையோட அம்மா," என்கிறாள். படத்தில் தாய் பேசுவது அந்த ஒரு வரிதான். பெண்ணின் முகம் தெரிவதே இல்லை. கதவுத் திரைக்குக் கீழே பாதங்கள் மட்டும்.

இது அவளுடைய அக்காவுக்கு நடந்தது. நடந்தபோது தாய் குசினியை விட்டு வெளியே வரவில்லை.

ஆடியில் படம் பிடித்தோம். ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் ஸ்டூடியோக்காரரும் அவருடைய கமராவும் சும்மா இருந்தார்கள். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். தகப்பன் காலத்து வயல் உருத்திரபுரத்தில் இன்னும் இருக்கிறது. நல்ல மனிதர். வாய் சும்மா இராது. தாயாக அவளுடைய தாயே நடித்தார். மாப்பிள்ளையின் தாயாக நடிக்க ஆள் கிடைக்காமல் என்னைக் கேட்டாள். என்னுடைய பேச்சு அதற்குப் பொருத்தம் என்றாள். அது பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

அவளும் தாயும் இருந்த வீடு வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. முன்னறையில் இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டு, இடையில் சோக்கால் நீளமாக ஒரு கோடு கீறினாள். தாய் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"கோலம்னா ஒழுங்கா போடு புள்ள. இது என்ன, ஆணம் ஊத்துன மாதிரி?"

"கோலம் இல்லம்மா. கமரா இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது."

ஸ்டூடியோக்காரர் கமராவைத் தோளில் வைத்தபடி நின்றார். "தங்கச்சி, நான் மணவறையைச் சுத்திச் சுத்தி எடுத்தவன். ஒரு மாப்பிளையும் ஏன் கோட்டைத் தாண்டினனி எண்டு கேக்கேல்லை."

"மாப்பிளை வேற எதையோ பாத்துக்கொண்டிருந்திருப்பார் அண்ணை. ஒருக்கா தாண்டி எடுங்கோ. போட்டுப் பாப்பம்."

அவர் தாண்டி எடுத்தார். இரண்டு துண்டுகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தபோது, சோதனைக்காக எதிரே இருத்திய தாயின் முகமும் என்னுடைய முகமும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார் ஸ்டூடியோக்காரர். அதன்பிறகு கோட்டைத் தாண்டவில்லை. போகும்போதும் வரும்போதும் கூடச் சுற்றிப் போனார்.

கச்சான் காற்று பிடித்து அடித்தது. ஒலிவாங்கிக்குக் காற்றுறை வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அது கடையில் கிடைக்கவில்லை. அவள் ஒரு பழைய பொம்மைக் கரடியின் முதுகை வெட்டித் தைத்திருந்தாள். ஒவ்வொரு இடத்திலும் எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொல்லி, யாரும் பேசாத அறையின் சத்தத்தை அரை நிமிடம் தனியே பதிவு செய்தாள். வெட்டும் இடங்களுக்கு அடியில் விரிக்க அது வேண்டும் என்று என் புத்தகத்தில் படித்தது. அந்த அரை நிமிடத்தில்தான் நுளம்பு கடிக்கும், தாய்க்கு இருமல் வரும், ஸ்டூடியோக்காரரின் போன் அடிக்கும். மூன்றாம் முறை கிடைத்தது.

கடைசிக் காட்சி பின்னேரம். வேலிக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். தாய் தட்டுடன் வந்தார். எனக்கு ஒரு கோப்பையை நீட்டினார்.

"நான்தாங்க புள்ளையோட அம்மா," என்றார்.

நடிகர் வசனத்தை முடித்ததும் உடனே நிறுத்தாதீர்கள், கொஞ்சம் விட்டுப் பாருங்கள் என்பது கையேட்டில் அடிக்கோடு இட்ட இடங்களில் ஒன்று. அவள் "கட்" சொல்லவில்லை. தாய் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு பேசத் தொடங்கினார்.

"அடுப்படியில இருந்தது வேலைக்கு வந்த பொம்பள இல்லீங்க. நாலு வயசுல எங்கப்பா தோளுல ஒக்காந்துகிட்டு இங்க வந்தவ. தோட்டத்துல லயத்து வீடுகளக் கொளுத்திட்டாங்க, ராவோட ராவா வந்தோம். இங்க காடா கெடந்துச்சு, வெட்டுனோம். எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் போயி ஒங்கள மாதிரியே பேசப் பழகிருச்சுங்க. நான் பழகல. தெரியாம இல்லீங்க. எங்கம்மாகிட்ட இந்தப் பேச்சுதான் பேசுனேன். இத விட்டுட்டா எங்கம்மாகிட்ட என்னத்தப் பேசுறது, கனவுல வந்தாக்கூட?"

இன்னும் இருந்தது. அக்காவைப் பற்றி, குசினியில் அன்று எரிந்த புகையைப் பற்றி. நான் வசனமில்லாமல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடு விரலில் ஏறியது. கடைசியாக, "குடிங்க, ஆறிரும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மகள் அப்போதும் "கட்" சொல்லவில்லை. வேலிப் பக்கமிருந்து ஓர் ஆண் குரல் வந்தது.

"இந்தியாப் படம் எடுக்கினமாம்!"

சிரித்தார்கள். ஸ்டூடியோக்காரரும் சிரித்துவிட்டு, கமராவை நிறுத்தினார்.

"அம்மா, சீரியல் கூடப் பாக்கிறீங்கள் போல. அப்பிடியே கிடக்கு."

தாய் குசினி வாசலில் திரும்பி நின்றார். "நான் டிவியப் பாத்தா பேசுறேன்? எங்கம்மா பேசுனதத்தான் பேசுறேன் தம்பி. டிவிக்காரன் எங்கிட்ட இருந்து களவெடுத்துட்டான்."

ஸ்டூடியோக்காரர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் சிரித்தது கெட்ட எண்ணத்தில் இல்லை. அதைத் தாயும் அறிந்திருந்தார். அவருக்கு இரண்டாவது கோப்பை தேநீரும் கொடுத்தார். மகள் ஹெட்போனைக் கழற்றாமல் சோக்குக் கோட்டைக் காலால் அழித்துக்கொண்டிருந்தாள்.

வெட்டி அடுக்கியபோது படம் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் வந்தது. அன்று நானும் ஸ்டூடியோவில் இருந்தேன். எழுத்துப் போடும் இடங்களில் பிழை பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். மூன்று நிமிடத்துக்கு எங்கே போவது என்று முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாள். வாய்க்கால் காட்சியை எடுத்தாள், பிறகு திரும்ப வைத்தாள். திரைக்குக் கீழே பாதங்களைக் குறைத்தாள். அவை அவளுடைய பாதங்கள்தான், வேறு நாளில் தனியே எடுத்தது. அரை நிமிடம் கூடக் கிடைக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் அதை முழுதாக வாசித்தவர் இல்லை. இத்தனை நாளும் மேசையில் கிடந்ததால் தலைப்புகளைத் தெரிந்து வைத்திருந்தார். குறும்படம் பற்றிய அத்தியாயத்தில் தலைப்பு இப்படி இருந்தது: கதை குறையட்டும், காட்சி வளரட்டும்.

"இஞ்ச பார் தங்கச்சி. புத்தகமே சொல்லுது. கதை குறையட்டும் எண்டு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மான்ர கதை மூண்டு நிமிசம்," என்றார். "அவ்வளவும் கதை. ஒரு இடத்தில நிண்டு கதைக்கிறா. அதை வெட்டினா உனக்குப் பத்து நிமிசம் சரி. புத்தகத்தின்ர சொல்லும் சரி. என்ன அக்கா?"

நான் அப்போது திரையில் ஓர் எழுத்துப் பிழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதை என்றால் யாழ்ப்பாணத்துக்காரர் எங்களுக்குப் பேச்சு. அந்தக் காதோடுதான் நானும் கேட்டேன். அவர் சொன்னதில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

அவள் புத்தகத்தை வாங்கி அந்தத் தலைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். தாய் தட்டுடன் வந்து நிற்கிறார். உதடு பிரிவதற்கு முந்திய பிரேமில் வெட்டினாள். அடுத்து கோப்பையின் அண்மைக் காட்சி, ஆவியுடன். அடுத்து என் முகம், நான் கேட்டுக்கொண்டிருந்தபோது ஓரமாக வைத்த அவளுடைய போன் எடுத்தது. பிறகு தாயின் முதுகு, உள்ளே போகிறது. அடியில் அந்த அறையின் சத்தத்தை விரித்தாள், வெட்டிய இடம் காதுக்குத் தெரியவில்லை. மிகச் சுத்தமான வேலை. அந்த ஒற்றை வரியும் போயிருந்தது. ஏனென்று கேட்டதற்கு, பாதி வாய் திறந்தால் மீதியை எதிர்பார்ப்பார்கள் என்றாள்.

கையேட்டை அன்று நான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கேட்டு வாங்கியதுதான், அதில் காட்சி எண்கள் போடும் முறையைப் பார்க்க. பின்னேரம் அந்தக் குறும்பட அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாசித்தேன். மெய்ப்புப் பார்க்கிறவர்கள் தலைப்பை நம்புவதில்லை. தலைப்பை நானும் கேட்டேன், உள்ளே என்ன இருக்கிறது என்று ஸ்டூடியோவில் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அத்தியாயத்தில் பேச்சைப் பற்றி ஒரு வரியும் இல்லை. சம்பவங்களைப் பற்றி இருந்தது. பத்து நிமிடத்துக்குள் ஒரு காதல், ஒரு விபத்து, ஒரு வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள், ஒரே ஒரு நிகழ்வை எடுத்து அதை முழுதாகக் காட்டுங்கள் என்பதுதான் சாரம். சென்னையில் எழுதியவருக்குக் கதை என்றால் கதை. பேச்சுக்கு அவர் வைத்திருந்த சொல் வசனம். அதற்கு அடுத்த அத்தியாயம் முழுக்க அதுதான். வேறு எவர் வாயிலும் வைக்க முடியாத பேச்சு கிடைத்தால் அதை விடாதீர்கள் என்று அங்கே இருந்தது. பக்கத்து ஓரத்தில் பென்சிலால் ஒரு நட்சத்திரம். அவள் போட்டது.

மறுநாள் அனுப்பக் கடைசி நாள். காலையில் ஸ்டூடியோவுக்குப் போனேன். அவள் தனியே இருந்தாள். ஸ்டூடியோக்காரர் வயலுக்குப் போயிருந்தார். படம் அனுப்பத் தயாராக இருந்தது. நான் புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்து வைத்தேன்.

"தங்கச்சி, உதில கதை எண்டது சம்பவம். பேச்சில்லை. அண்ணை பிழையா விளங்கிட்டார். நானும்தான்."

"தெரியும் அக்கா."

"எப்ப தெரியும்?"

"அவர் சொல்லேக்கயே தெரியும்." மவுசைக் கையிலிருந்து விடவில்லை. "எங்கட வீட்டில கதை எண்டா கதைதான். அம்மா ராவில சொல்லுறது. பேச்ச பேச்சுன்னுதான் சொல்லுவோம்."

கடைசி வாக்கியத்தில் நாக்கு மாறியதை அவளும் கவனித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்ப ஏன் வெட்டினீர்?"

"பத்து நிமிசம் தானே அக்கா."

"வாய்க்காலை வெட்டியிருக்கலாம். நாங்கள் பெண் பாக்க வந்து இறங்கிற காட்சியை முழுசா வெட்டியிருக்கலாம். கூட்டிப் பாத்தா மூண்டு நிமிசத்துக்குக் கிட்ட வரும்."

தெருவில் பளைப் பக்கம் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தபடி போனது.

"வேலியில எட்டுப் பேர் நிண்டவை. எட்டுப் பேரும் சிரிச்சவை," என்றாள். "மண்டபத்தில எத்தினை பேர் இருப்பினம்? அம்மா அங்க நடுவில இருப்பா. பள்ளிக்கூடத்தில என்னைத் தோட்டக்காடு எண்டு கூப்பிட்டவை. ஆமா எண்டு ஒருக்கா வாயில வந்திட்டுது, அவ்வளவுதான். நான் 'ஓம்' எண்டு சொல்லப் பழகினன். அவா பழக மாட்டா. நடுவரும் இந்தியாப் படத்தைப் பாத்து எழுதினது எண்டு சொன்னா? அது அம்மான்ர பேச்சு எண்டு நான் எழும்பி நிண்டு சொல்லோணுமா? சொல்ல எனக்கு வாய் வராது அக்கா."

"அம்மாவுக்குச் சொன்னனீரோ?"

"இல்லை."

அவளுடைய படம், அவளுடைய தாய், அவளுடைய ஒரு மாதம். அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். இணைப்பு மெதுவாக இருந்தது. நீலக் கோடு நகர்வதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள் எழுந்து போய் எனக்குத் தேநீர் வாங்கி வந்தாள்.

ஆடி முடியும் சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. தாய் மடிப்புக் கலையாத பச்சைச் சேலையில் வந்தார். அயலிலிருந்து நான்கு பெண்களைக் கூட்டி வந்திருந்தார். அவர்களை முன்வரிசையில் இருத்திவிட்டு, என் பக்கத்துக் கதிரைக்கு வந்தார்.

"எம் மவ படத்துல நான் பேசுறேன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்," என்றார். "இல்லாட்டி இந்த வெயில்ல யாரு வருவா?"

விளக்கு அணைந்தது. மூன்றாவதாக அவளுடைய படம். திரையில் அவர்களுடைய முன்னறை, கதவுத் திரை, பாதங்கள், குசினிப் புகை. யாரும் சிரிக்கவில்லை. தாய் என் பக்கம் சாய்ந்தார்.

"இப்ப வரும்."

தட்டுடன் வந்தார். கோப்பை. ஆவி. என் முகம், பெரிதாக, அந்த மண்டபத்தின் சுவர் அளவுக்கு.

"இதுக்குப் பொறவா?" என்று காதோடு கேட்டார்.

திரையில் அவருடைய முதுகு உள்ளே போனது. எழுத்துகள் ஓடத் தொடங்கின. கைதட்டினார்கள், நன்றாகவே தட்டினார்கள். முன்வரிசைப் பெண்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

"மறந்துருச்சோ," என்றார் தாய். என்னிடம் கேட்டது அல்ல.

நடுவர்களில் ஒருவர் மேடையேறிப் பேசினார். பள்ளிக்கூடம் எதுவும் போகாமல், போட்டோக்கொப்பிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சினிமாவின் முதல் பாடத்தைப் படித்திருக்கிறாள் என்றார். ஒரு தாயின் முழுத் துயரத்தையும் ஒரு சொல் கூட இல்லாமல் காட்டியிருக்கிறாள், எங்கள் படங்கள் கதைத்துக் கதைத்தே கெட்டன என்றார். பயிற்சிக்குத் தெரிவான பெயரை வாசித்தார். அவள் மேடைக்குப் போனாள். ஸ்டூடியோக்காரர் விசிலடித்தார். மைக்கை நீட்டினார்கள். அவள் "நன்றி" என்று மட்டும் சொன்னாள். அதையும் நடுவர் பாராட்டினார். கைதட்டல் ஓயும்வரை தாயும் தட்டினார்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தோம். தாய் மகளின் தலையைத் தடவினார். பிறகு கேட்டார்.

"நான் பேசுனது எங்க புள்ள?"

"நேரம் காணாதும்மா. வேற இடத்தில கிடக்கு. உங்களுக்குத் தனியாப் போட்டுக் காட்டுறன்."

"காட்டு, என்ன? இவங்க பொய்யின்னு நெனச்சுருவாங்க." அயல் பெண்களைக் காட்டினார்.

"காட்டுறன்."

அடுத்த கிழமை அவள் கொழும்புக்குப் போனாள். கையேட்டை என்னிடம் விட்டுப் போனாள். படத்தொகுப்புப் புத்தகத்தைக் கொண்டு போனாள். ஆவணி பிறந்ததும் கல்யாணங்கள் தொடங்கின. ஹாட் டிஸ்க்கில் இடம் போதாததால், படத்தில் சேராத துண்டுகளை ஸ்டூடியோக்காரர் அழித்தார்.